அப்பாவுக்கு ஏன் சத்திரசிகிச்சை இல்லை?

"உப்புவெளியில் பக்கத்து வீட்டு மாமாவுக்கு நுரையீரல் கட்டியை வெட்டி எடுத்தார்கள். அப்பாவுக்கு அதே அளவு கட்டி. 'சிறுகலம்' என்று சொல்லி உடனே கீமோ தொடங்குகிறார்கள். ஏன்?"

அளவு ஒன்றானாலும் கலங்கள் வேறு; சிறுகலம் என்பது நுரையீரல் புற்றுநோயில் வேகமாக வளரும் ஒரு வகை. உங்கள் அப்பாவின் பயொப்சியில் கலங்கள் சிறியவையாக, கருவைச் சுற்றி ஏறக்குறைய எதுவுமே இல்லாதவையாகத் தெரிந்திருக்கும். அவற்றில் கலப்பிரிவைத் தடுக்கும் ஆர்பி, பி53 என்ற இரு மரபணுக்களும் பெரும்பாலும் செயலிழந்திருப்பதால் பிரிவு ஓய்வதில்லை.

ஒரு கட்டியின் விட்டம் 1 சென்றிமீற்றரிலிருந்து 2 ஆக, கனவளவு மூன்று முறை இரட்டிக்க வேண்டும். ஒரு இரட்டிப்புக்கு சிறுகலக் கட்டி ஒரு மாதம் எடுத்தால் அது 3 மாதத்தில் முடியும். மற்ற வகை ஐந்து மாதம் எடுத்தால் 15 மாதமாகும். (வேகம் ஆளுக்கு ஆள் மாறும்.) அதைவிட முக்கியம், சிறுகலம் மிக முந்தியே இரத்தத்தில் கலந்து ஈரலுக்கும் எலும்புக்கும் மூளைக்கும் செல்வது; ஸ்கானில் தெரியாத அந்தத் துகள்களைக் கத்தி எட்டாது. அதனால்தான் மிக ஆரம்ப நிலையில் அகப்படும் சிலருக்கு மட்டுமே சத்திரசிகிச்சை.

வேகமாகப் பிரியும் கலங்களையே கீமோ அதிகம் தாக்குவதால், நோய் நெஞ்சின் ஒரு பக்கத்தில் அடங்கியிருந்தால் சிஸ்பிளாட்டின், எட்டோபொசைட் என்ற இரு கீமோ மருந்துகளும் கதிர்ச்சிகிச்சையுடன் கொடுக்கப்படுகின்றன. கட்டி சில வாரங்களிலேயே சுருங்கலாம்; ஆனால் தப்பிய கலங்கள் மருந்துக்கு அடங்காமல் திரும்புவது வழமை என்பதை உங்களிடம் மறைக்க எனக்கு மனமில்லை. ஆகவே நன்றாகத் தேறிய பின்னும் ஸ்கான் தேதிகளைத் தவறவிடாதீர்கள். புதிய தலைவலி, தள்ளாட்டம் வந்தால் அன்றே சொல்லுங்கள்.