பூசணிக்காயில் சிக்கும் கத்தி: கேள்வி பதில்

புதுக் கத்தி தாளை வழுக்கிக்கொண்டு அறுக்கிறது. பூசணிக்காயில் மட்டும் பாதியில் சிக்கிக்கொள்கிறது. கூர் போதவில்லையா? (ரங்கூனிலிருந்து ஓர் அம்மா)

கூரில் குறையில்லை, அம்மா. ஒரு நேரான அட்டையின் ஓரத்தைக் கத்தியின் பக்கவாட்டில், முதுகிலிருந்து வாய்நோக்கி வைத்துப் பாருங்கள். இடையில் வெளிச்சம் தெரிந்தால் அது வட்டக் கல்லில் குழிவாகச் சாணை பிடித்த கத்தி. வாயை ஒட்டிய இரும்பு மெலிந்திருப்பதால் முதல் விரலளவு சுகமாக இறங்கும். குழிவு முடிகிற இடத்தில் கனம் திடீரென்று ஏறிவிடுகிறது. தக்காளி விலகிக் கொடுக்கும். பூசணி கொடுக்காது, அந்தக் கனத்தை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். பூசணிக்கு, முதுகிலிருந்து வாய்வரை தட்டையாக, சீராக மெலிந்து வரும் கத்திதான் சரி. அதில் உருளைக்கிழங்குத் துண்டுகள் ஒட்டிக்கொள்ளும், அவ்வளவுதான்.

குழிவுக் கத்தியைத் தீட்டுவதுதான் சுலபம். ஆகவே எல்லாவற்றுக்கும் அதுவே போதும் அல்லவா?

முதல் பாதி சரி, தம்பி. தேய்க்கவேண்டிய இரும்பு குறைவு, நாலைந்து இழுப்பிலேயே கூர் வந்துவிடும். வாய் தேய்ந்து மேலேறினாலும் குழிவுக்குள் கனம் அதிகம் ஏறாததால் பல காலம் அப்படியே இருக்கும். ஆனால் அந்த மெல்லிய வாய் ஆட்டெலும்பில் ஒருமுறை பட்டாலே மடங்கும், அல்லது உடையும்.

நான் கேட்பது சமையல் கத்தி அல்ல. மூங்கில் பிளக்கும் என் பர்மிய வெட்டுக்கத்தியை, தா என்பார்களே, அதைச் சாணைக்காரர் ஒருவர் தட்டையாக்கிவிட்டார். இப்போது வாய் பல் பல்லாக உதிர்கிறது. (மோல்மீன்)

அண்ணா, உங்கள் தா முன்பு இருபுறமும் லேசாகப் புடைத்திருக்கும். அந்தப் புடைப்புதான் வாய்க்குப் பின்னால் இரும்பைத் தாங்கி நிறுத்தியது. மூங்கிலையும் விலக்கித் தள்ளியது. வாயோரம் நீலம் பாய்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சாணைச் சூட்டில் நீலம் பாய்ந்திருந்தால் அந்த இரும்பு பதம் இழந்தது; அந்த அளவைத் தேய்த்து எடுத்தே ஆகவேண்டும்.

பற்களை மட்டமாக்கிவிட்டு, ரப்பர் விரிப்பின் மேல் 400 எண் உப்புத்தாளை விரியுங்கள். முதுகு முன்னே, வாய் பின்னே வருமாறு இழுங்கள். வாயை முன்னே தள்ளினால் தாளை அறுத்துவிடும். ரப்பர் அமுங்குவதால் புடைப்பு தானாக உருவாகும். பிசிறு எழுந்ததும் மறுபுறம், பிறகு 1000 எண் தாள். இழுப்பு முடியும்போது முதுகைத் தூக்கிவிடாதீர்கள், வாய் மழுங்கிப்போகும். ஐயமிருந்தால் வாயில் மை பூசி இரண்டு இழுப்பு இழுத்துப் பாருங்கள். விளிம்பில் மை மிஞ்சினால் தாள் இன்னும் அங்கே எட்டவில்லை. விளிம்பில் மட்டுமே மை போயிருந்தால் முதுகை அதிகம் தூக்குகிறீர்கள்.

புடைப்புக் கத்தி சமையலுக்கு ஆகாது என்பதை ஒப்புக்கொள்ளமாட்டேன். என் வீட்டில் பத்து வருடமாக அதுதான்.

நான் அப்படிச் சொல்லவில்லை. வாயை ஒட்டி மெலிதாக இருந்தால் புடைப்புக் கத்தியில் காய் ஒட்டாமல் விழும், நானும் கண்டிருக்கிறேன். எவ்வளவு மெலிதாக்கலாம் என்பதில்தான் நமக்குள் தகராறு. உங்கள் கத்தியில் எலும்பும் வெட்டுகிறீர்களா?

கோழி மட்டும்.

கோழிக்குத் தாங்கும். ஆட்டுக்காலும் வெட்ட நேர்ந்தால், அதன் பிறகு வாயை நகத்தின்மேல் மெதுவாக ஓட்டிப் பார்த்து, எங்காவது தட்டுகிறதா என்று எழுதுங்கள்.