ஒரு ஏக்கர் தக்காளிக்கு ஒருமுறை மருந்தடிக்க என்ன செலவாகும்?

16 லிட்டர் டேங்க், லிட்டருக்கு 0.3 மில்லி மருந்து, 100 மில்லி பாட்டில் 250 ரூபாய், கூலி டேங்குக்கு 50 ரூபாய். பாலக்கோடு பக்கம் ஒரு ஏக்கருக்கு எப்படிக் கணக்குப் போடுவது?

முதலில் தெரிய வேண்டியது தண்ணீரின் அளவு. வெறும் தண்ணீரை நிரப்பி, வழக்கமான நடையில் 5 சென்ட் அடித்துப் பாருங்கள். 10 லிட்டர் தீர்ந்தால், 100 சென்ட் கொண்ட ஏக்கருக்கு 200 லிட்டர் வேண்டும். இலை அடர்ந்த தக்காளிக்கு இது பொருத்தமான அளவுதான்.

200 லிட்டருக்கு 60 மில்லி மருந்து, அதாவது 150 ரூபாய். 200ஐ 16ஆல் வகுத்தால் பன்னிரண்டரை டேங்க். அரை டேங்குக்கும் முழுக் கூலி கேட்பதே வழக்கம் என்பதால் 13 டேங்குக்கு 650 ரூபாய். மொத்தம் 800 ரூபாய். முழுப் பாட்டிலாக வாங்குவதால் கையிலிருந்து போவது 900 ரூபாய். மீதமுள்ள 40 மில்லி அடுத்த முறைக்கு உதவும்.

ஒரு டேங்குக்கு 4.8 மில்லி மருந்து வேண்டும். இதைப் பாட்டில் மூடியில் அளக்காமல், இதற்கென்றே ஒதுக்கிய ஊசிக்குழலால் அளப்பது நல்லது, ஏனெனில் மூடியின் கொள்ளளவு கம்பெனிக்குக் கம்பெனி மாறும். கடைசி 8 லிட்டருக்கு 2.4 மில்லிதான், பழக்கதோஷத்தில் முழு அளவை ஊற்றினால் அந்தப் பகுதியில் மருந்து இரட்டிப்பாகிவிடும்.

கூலியே பெரும் செலவு என்பதால் வேகமாக நடந்து 8 டேங்கில் முடிக்கத் தோன்றும். அப்போது 250 ரூபாய் கூலி மிச்சமாகும், ஆனால் ஏக்கருக்கு 38 மில்லிதான் விழும், வெள்ளை ஈ தங்கும் இலையின் அடிப்பக்கமும் நனையாது. லேபிளில் ஏக்கருக்கோ ஹெக்டேருக்கோ உரிய மருந்தளவு இருந்தால், அதையே இறுதியாகக் கொண்டு சரிபாருங்கள்.