ஜூம் கூட்டத்தை ரெக்கார்ட் செய்வதும் பிறகு அழிப்பதும்

கேள்வி: எங்கள் அடுக்குமாடி சங்கக் கூட்டத்தை ஜூமில் நடத்துகிறோம். ரெக்கார்ட் செய்ய எல்லாரிடமும் எப்படி அனுமதி வாங்குவது? ஃபைலை எவ்வளவு நாள் வைத்திருக்கலாம்?

ரெக்கார்ட் பட்டனை அழுத்தியதும் எல்லார் திரையிலும் ஓர் அறிவிப்பு வருமே, அதை மட்டும் அனுமதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சம்மதம் இல்லையென்றால் கூட்டத்தை விட்டுப் போகலாம் என்பதுதான் அதன் அர்த்தம். மெயின்டனன்ஸ் தொகையை ஏற்றப்போகிறார்கள் என்று கேட்க வந்தவர் அதற்காக வெளியே போவாரா?

எங்கள் சங்கத்தில் கூட்ட அழைப்பிலேயே இப்படி எழுதிவிடுவோம்: "மினிட்ஸ் எழுதுவதற்காக மட்டும் ரெக்கார்ட் செய்கிறோம். செயலாளரிடம் மட்டும் இருக்கும். அடுத்த கூட்டத்தில் மினிட்ஸ் ஏற்கப்பட்டதும் அழித்துவிடுவோம். விருப்பமில்லாதவர்கள் முன்கூட்டியே சொல்லுங்கள்." 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் ஒப்புதலை இன்ன நோக்கத்துக்கு என்று சொல்லித்தான் கேட்கச் சொல்கிறது. கூட்டம் தொடங்கியதும் வாய்மொழியாக ஒருமுறை கேட்டுவிட்டு, ரெக்கார்டை ஓடவிட்டு, அதே கேள்வியைத் திரும்பக் கேளுங்கள், பதிலும் அதிலேயே பதிவாகிவிடும். தாமதமாக வருபவர்களிடமும் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

யாராவது வேண்டாம் என்றால்? கேமராவை அணைத்துக்கொள்ளச் சொன்னால் போதாது, குரல் பதிவாகும். அவர் பேசும்போது Pause செய்துவிட்டு அந்தப் பகுதியைக் கையால் குறித்துக்கொள்ளலாம். பாக்கி வைத்திருப்பவர்களின் பெயர் வரும் இடத்திலும் நான் அப்படித்தான் நிறுத்துவேன், யார் கேட்காவிட்டாலும்.

இலவசக் கணக்கு என்றால் ஃபைல் உங்கள் கம்ப்யூட்டரில்தான் சேரும், பெரும்பாலும் Documents-க்குள் Zoom என்ற ஃபோல்டரில். அங்கே வீடியோ மட்டும் இருக்காது. ஆடியோ தனி ஃபைலாக இருக்கும், சாட்டைச் சேமித்திருந்தால் அதுவும் தனியாக இருக்கும், அதில் உங்களுக்கு மட்டும் யாரோ அனுப்பிய தனிச் செய்திகூட இருக்கலாம். வீடியோவை மட்டும் டெலீட் செய்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்கிறவர்கள்தான் அதிகம். அந்தக் கூட்டத்தின் ஃபோல்டரையே அழித்துவிட்டு, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்யுங்கள். கட்டணக் கணக்கில் கிளவுடில் சேமித்தால், நீக்கிய பதிவு Trash-இல் 30 நாள் கிடக்கும், அதுவரை திரும்ப எடுக்க முடியும், அதனால் அங்கேயும் போய் நிரந்தரமாக நீக்க வேண்டும். கம்ப்யூட்டர் ஃபோல்டர் தானாக டிரைவுக்கு பேக்கப் ஆகிறதா என்றும் பாருங்கள்.

அப்புறம், வாட்ஸப் குழுவில் மட்டும் போடவே போடாதீர்கள். ஒருமுறை போனால் எத்தனை போனில் இறங்கியது என்று யாருக்கும் தெரியாது. பார்க்க வேண்டும் என்று கேட்பவருக்கு கிளவுட் லிங்க்கைப் பாஸ்கோடோடு, டவுன்லோடை அணைத்துக் கொடுங்கள், திரையை இன்னொரு போனில் படம்பிடிப்பதை அதுவும் தடுக்காதுதான்.

அழித்த தேதியை மினிட்ஸ் புத்தகத்தில் ஒரு வரி எழுதிவையுங்கள். ஒரே விதிவிலக்கு: அந்தக் கூட்டத்தின் முடிவை எதிர்த்து யாராவது புகாரோ வழக்கோ கொடுத்திருந்தால், அது முடியும்வரை அழிக்காதீர்கள், ஏன் வைத்திருக்கிறோம் என்பதையும் உறுப்பினர்களுக்குச் சொல்லிவிடுங்கள்.