சரக்கு லேட் என்று பையருக்கு போனில் சொல்வது எப்படி?

கேள்வி: சரக்கு லேட்டாகும்னு பையருக்கு போன் பண்ணிச் சொல்லணும். எப்படி ஆரம்பிக்கிறது? பேசின பிறகு மெயிலும் போடணுமா?

ஆம்பூரில் ஷூவின் மேல்பாகமான அப்பர் தைக்கும் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். போன மாதம் பேசிய ஒரு போனையே சொல்கிறேன்.

1,200 ஜோடி பிரவுன் அப்பர் வெள்ளிக்கிழமை கிளம்ப வேண்டும். திங்கள் காலை கடைசி லாட் தோல் வந்தது. டியூப் லைட்டில் சரியாகத்தான் இருந்தது. பையர் கையெழுத்துப் போட்ட தோல் சாம்பிளான ஸ்வாட்சோடு ஜன்னல் ஓரம் வைத்துப் பார்த்தால் சிவப்பு தூக்கலாகத் தெரிந்தது. அது 400 ஜோடிக்கான தோல்.

உடனே போனை எடுக்கவில்லை. தோல் பதனிடும் டேனரிக்கு நேரில் போய், சரியான தோல் எப்போது வரும் என்று ஃபினிஷிங் மாஸ்டரிடம் தேதி கேட்டேன். வியாழன் தருகிறேன் என்றார். வெட்டித் தைத்து செக்கிங் முடிய 5 நாள், மேலே ஒரு நாள் கூட்டிக்கொண்டேன். முன்பு ஒருமுறை உத்தேசமாக "ரெண்டு நாள் சார்" என்று சொல்லிவிட்டு, மறுபடி தேதி மாற்ற வேண்டியதாயிற்று. முதல் போனைவிட அந்த இரண்டாவது போனுக்குத்தான் பையருக்குக் கோபம் அதிகம்.

அப்புறம் ஒரு துண்டுச் சீட்டில் நான்கு வரி எழுதினேன்: என்ன ஆச்சு, எத்தனை ஜோடி, எந்தத் தேதி, அவர் என்ன முடிவு சொல்ல வேண்டும். பையரின் சென்னை ஏஜென்டிடம் பேசியது இதுதான்:

"வணக்கம் சார். ஒரு கெட்ட செய்தி, ரெண்டு நிமிஷம் பேசலாமா? வெள்ளிக்கிழமைக்கு 800 ஜோடிதான் ரெடியாகும். மீதி 400க்கு வந்த தோல் ஷேட் ஒத்துவரலை, திருப்பி அனுப்பிட்டேன். அது அடுத்த வாரம் வியாழன் கிளம்பும். 800ஐ இப்பவே அனுப்பட்டுமா, மொத்தமா அனுப்பட்டுமா? நாளை மதியத்துக்குள்ள சொல்லுங்க."

இதோடு நிறுத்திவிட வேண்டும். அவர் பேசாமல் இருந்தால், அந்த இடைவெளியில் டேனரி மேல் பழி போடத் தோன்றும், போடாதீர்கள். "ஏர்ல அனுப்புங்க, செலவு உங்களுது" என்றார். "அதை நான் ஒத்துக்க முடியாது சார். எம்.டி.யைக் கேட்டுட்டு 5 மணிக்குக் கூப்பிடுறேன்" என்றேன். 5 மணிக்கு எம்.டி. முடிவு சொல்லியிருக்கவில்லை. அதையும் கூப்பிட்டுச் சொன்னேன்.

மெயில் கட்டாயம் போடுங்கள், அரை மணி நேரத்துக்குள். சப்ஜெக்டில் ஆர்டரின் பி.ஓ. எண் இருக்கட்டும். நான் அனுப்பியதன் சாரம்:

"இன்று காலை 11.30க்குப் பேசியபடி: 800 ஜோடி வெள்ளிக்கிழமை தயார். ஷேட் வித்தியாசத்தால் 400 ஜோடி அடுத்த வியாழன். பிரித்து அனுப்புவதா என்று நாளை மதியம் 12 மணிக்குள் சொல்வதாகக் கூறினீர்கள். ஏர் செலவு பற்றி இன்னும் முடிவாகவில்லை. இதில் ஏதாவது தவறிருந்தால் தெரிவிக்கவும்."

முடிவாகாததை எழுதும் அந்த வரியை விட்டுவிடாதீர்கள். விட்டால், ஒரு மாதம் கழித்து "போன்ல ஒத்துக்கிட்டீங்களே" என்பார்கள்.

பணம், பையரின் பேங்க் உத்தரவாதமாகத் தரும் எல்.சி. மூலம் வருவதாக இருந்தால், அதில் கடைசி ஷிப்மென்ட் தேதியையும், பிரித்து அனுப்பத் தடை இருக்கிறதா என்பதையும் பேசும் முன்பே பாருங்கள். ஏஜென்ட் போனில் சொன்ன "சரி", மெயிலில் சொன்ன "சரி" எதுவும் பேங்கில் செல்லாது. பையர் தன் பேங்க் மூலம் திருத்தம் அனுப்ப வேண்டும். அதையும் மெயிலிலேயே கேட்டுவிடுங்கள்.