தீபாவளித் தையல்: கடைசி நாளை எப்படிக் கணக்கிடுவது?

கேள்வி: கிளிநொச்சியில் வீட்டில் இருந்து தைக்கிறேன். போன தீபாவளிக்கு வந்த ஓடர் எல்லாம் எடுத்து, இரவிரவாகத் தைத்தும் சிலருக்குக் கொடுக்க முடியவில்லை. கையில் காசும் மிஞ்சவில்லை. இந்த முறை கடைசித் திகதியும் ஒரு நாளைக்கு எத்தனை என்பதும் வட்சப் ஸ்டேட்டஸில் போடப் போகிறேன். குறைத்து எடுத்தால் வருமானம் குறையாதா?

பதில்: ஓடரை உருப்படியில் எண்ணாமல் நேரத்தில் எண்ணுங்கள் அக்கா. லைனிங் இல்லாத பிளவுஸுக்கு ஒன்றரை மணித்தியாலம், லைனிங் வைத்ததற்கு மூன்று என்று வைப்போம். அளவெடுப்பதும் கொக்கி தைப்பதும் போக நாளுக்கு 6 மணித்தியாலம் மெசினில் இருந்தால், சாதா பிளவுஸ் 4 முடியும்.

2026இல் தீபாவளி நவம்பர் 8. முந்திய இரண்டு நாளும் போட்டுப் பார்த்துத் திருத்திக் கொடுக்க வேண்டும். ஒக்டோபர் 15இல் தொடங்கினால், நவம்பர் 5 வரை ஞாயிறு நீங்கலாக 19 நாள். மழைக்குக் கறண்ட் போகும் என்று ஒரு நாளை விட்டால் 18. ஆக 72 பிளவுஸ். நாளுக்கு 6 பிளவுஸுக்கு ஓடர் எடுத்தால் 12 நாளில், அதாவது ஒக்டோபர் 28இல், அந்த 72ம் நிறைந்துவிடும். அதுதான் உங்கள் கடைசி நாள். ஆட்கள் கேட்கிறார்களே என்று 31 வரை நீட்டினால் இன்னும் 18 சேரும். அது நாலரை நாள் வேலை. அதற்கு உங்களிடம் நாள் இல்லை. போன முறை இடித்தது இதுவாகத்தான் இருக்கும்.

வருமானத்தைத் தின்பது வேறு இடத்தில். சாதாவுக்கு 800, லைனிங்குக்கு 1200 ரூபா கூலி என்றால், லைனிங் தைக்கும் மூன்று மணித்தியாலத்தில் சாதா இரண்டு தைத்து 1600 எடுத்திருக்கலாம். ஆகவே லைனிங் கூலியும் 1600 ஆக வேண்டும், துணிக் காசு தனி.

அப்புறம் முற்பணம். இதில் இரக்கம் பார்க்காதீர்கள். வன்னியில் தீபாவளி வருவது காலபோக விதைப்பு நேரத்தில். வீட்டுக் காசெல்லாம் உழவுக்கும் விதைநெல்லுக்கும் போயிருக்கும். “பிறகு தாறன்” என்று சட்டையைக் கொண்டுபோனால், அந்தக் காசு பெரும்பாலும் தையில் அறுவடை தொடங்கிய பிறகுதான் வரும். நீங்களோ நூலும் லைனிங்கும் கைக்காசில் வாங்கியிருப்பீர்கள்.

ஸ்டேட்டஸில் இப்படிப் போடலாம்:

“தீபாவளித் தையல். ஓடர் எடுக்கும் கடைசி நாள் ஒக்டோபர் 28. ஒரு நாளைக்கு 6 பிளவுஸ் மட்டும். லைனிங் வைத்தது இரண்டாகக் கணக்கு. துணியும் அரைவாசிக் கூலியும் தந்த பிறகே பதிவு. நவம்பர் 6, 7இல் போட்டுப் பார்த்து, மிச்சக் காசைத் தந்து எடுக்கலாம்.”

28க்குப் பிறகு சொந்தக்காரர் வந்து நின்றால், பெயரை மட்டும் எழுதி வையுங்கள். நவம்பர் 4 வரை கறண்ட் போகாமல் ஒதுக்கிய நாள் மிஞ்சினால், அதில் 4 பிளவுஸ் எடுக்கலாம், முழுக் கூலியும் முன்கூட்டியே வாங்கிக்கொண்டு.