கோழிக் கணக்கில் 121 கிலோ: காணாமல் போனது எவ்வளவு, கணக்கில் விடுபட்டது எவ்வளவு?

வாசகர் கேள்வி: வெள்ளவத்தையில் சிறிய உணவகம் நடத்துகிறேன். கொத்து, ப்ரைட் ரைஸ், டெவல் சிக்கன் மூன்றுக்கும் உறையவைத்த எலும்பில்லாத கோழிதான். போன மாதம் விற்ற பிளேட்டுகளுக்கு ரெசிபிப்படி 495 கிலோ போதும். ஆனால் 616 கிலோ முடிந்திருக்கிறது. யாரோ எடுக்கிறார்கள் என்றுதான் நினைக்கிறேன். எங்கே போகிறது என்று எப்படிப் பிடிப்பது?

பதில்: நீங்கள் அனுப்பிய மாதக் கணக்கையும், பின்னர் நான் கேட்டுக்கொண்டபடி உங்கள் சமையலறையில் நிறுத்து எழுதிய எடைகளையும் வைத்துக்கொண்டே இதை எழுதுகிறேன். முதல் தேதி இருப்பு 38 கிலோ, மாதக் கொள்வனவு 622 கிலோ, கடைசி நாள் இருப்பு 44 கிலோ. ஆகவே உண்மைப் பாவனை 616 கிலோ என்று நீங்கள் போட்டது கூட்டல் கழித்தலில் சரி. கணக்குப்படியான பாவனையும் அப்படியே சரியாகத்தான் வருகிறது: கோழிக் கொத்து 1,500 பிளேட்டுக்கு 130 கிராம் வீதம் 195 கிலோ, ப்ரைட் ரைஸ் 1,200 பிளேட்டுக்கு 100 கிராம் வீதம் 120 கிலோ, டெவல் சிக்கன் 900 பிளேட்டுக்கு 200 கிராம் வீதம் 180 கிலோ, மொத்தம் 495. பிழை இந்த இரண்டு எண்களிலும் இல்லை. ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்ததில்தான் இருக்கிறது.

616 என்பது பில்லில் எழுதப்பட்ட எடை. 495 என்பது உறைநிலை நீங்கி, நீர் வடிந்து, கொழுப்பும் சவ்வும் நீக்கப்பட்டு, வெட்டுப் பலகையில் கிடக்கும் பச்சை இறைச்சியின் எடை. உங்கள் ரெசிபியில் எழுதியிருப்பது இந்த இரண்டாவது எடையைத்தான். ஒன்றை மற்றதாக மாற்றாமல் கழித்தால் வரும் வித்தியாசத்தில், யாருமே எடுக்காத நீரும் கொழுப்பும் சேர்ந்துவிடுகின்றன. நீங்கள் மூன்று வெவ்வேறு கொள்வனவுகளில் 20 கிலோ வீதம் எடுத்து, இரவு முழுதும் கீழ்த்தட்டில் துளைத் தட்டின் மேல் வைத்து உருகவிட்டு, காலையில் சுத்தம் செய்து நிறுத்தபோது 17.8, 18.1, 18.1 கிலோ வந்தன. 60 கிலோவுக்கு 54 கிலோ, அதாவது 90 சதவீதம். ஆகவே 495 கிலோ பலகைக்கு வர வேண்டுமானால் பில் எடையில் 550 கிலோ வாங்கியிருக்க வேண்டும். உங்கள் 121 கிலோவில் 55 கிலோ இத்துடன் விளக்கம் பெறுகிறது.

இந்த 90 சதவீதம் எல்லாக் காலத்துக்கும் உரிய எண் அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். கோழி தருபவரை மாற்றினாலோ, அவரே வேறு பெட்டியிலிருந்து தரத் தொடங்கினாலோ இது மாறும். 85 சதவீதமாகக் குறைந்தால் அதே விற்பனைக்கு 582 கிலோ தேவைப்படும். சமையலறையில் எதுவுமே மாறாமல் கணக்கில் மட்டும் 32 கிலோ பற்றாக்குறை தோன்றும். பின்வாசலில் பெட்டியை நிறுத்துப் பார்த்து பில் எடையோடு ஒப்பிடுவது வேறு சோதனை. அதில் குறைந்தால் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். உருகி வடிந்த நீருக்குக் கேட்க முடியாது. ஆகவே இரண்டையும் ஒரே குறிப்பேட்டில் கலக்க வேண்டாம்.

அடுத்தது மாத எல்லை. கடைசி நாளில் எழுதப்பட்ட 15 கிலோ பில் ஒன்று 622-க்குள் இருக்கிறது. ஆனால் அந்தப் பெட்டி மறுநாள் காலையில்தான் வந்து இறங்கியது என்று உங்கள் காசாளரே சொல்கிறார். முந்தைய இரவு ஃப்ரீசரை எண்ணியவர்கள் அதை எண்ணியிருக்க வழியில்லை. வாங்கியதாக எழுதி இருப்பில் எண்ணாத எதுவும் பாவனையாகவே தோன்றும். போயா தினத்தில் இறைச்சிக் கடைகள் மூடியிருப்பதால் முன்கூட்டியே வாங்கும் வழக்கம் நம் ஊரில் உண்டு. போயா மாத முடிவை ஒட்டி வரும்போது இந்தக் குழப்பம் இன்னும் பெரிதாகும். எண்ணுகிற இரவில், பில் தேதியை விட்டுவிட்டு, பொருள் வாசலைக் கடந்ததா என்பதை மட்டும் வைத்து எல்லை போடுங்கள். இது 15 கிலோவைக் கழிக்கிறது.

ஊழியர் சாப்பாடு எங்குமே எழுதப்படவில்லை. 12 பேருக்கு நாளொன்றுக்கு 600 கிராம் பில் எடையில் போகிறது என்று ஒரு வாரம் நிறுத்துப் பார்த்தீர்கள். 31 நாட்களுக்கு அது 18.6 கிலோ. இதை நிறுத்தச் சொல்லவில்லை, எழுதச் சொல்கிறேன்.

இப்போது உண்மைப் பாவனை 616-இலிருந்து 582.4 ஆகக் குறைந்திருக்கிறது, கணக்குப்படி 550. எஞ்சுவது 32.4 கிலோ, ஏறத்தாழ ஆறு சதவீதம். உண்மையில் ஆராய வேண்டியது இவ்வளவுதான். ஆளைச் சந்தேகிப்பதற்குரிய கட்டமும் இதுதான் என்பதால், அந்தச் சந்தேகத்தை முதலில் ஒரு சோதனைக்கு உட்படுத்துவோம்.

பில் போடாமல் கொத்து விற்கப்பட்டிருந்தால், அந்தப் பிளேட்டில் கோழி மட்டும் போயிருக்க முடியாது. இரண்டு ரொட்டியும் கூடப் போயிருக்கும். 32.4 கிலோ முழுவதும் பில் இல்லாத கொத்தாகவே போனது என்று வைத்துக்கொண்டால், அது பலகை எடையில் ஏறத்தாழ 29 கிலோ, அதாவது 224 பிளேட். ரொட்டியில் 448 குறைந்திருக்க வேண்டும். உங்கள் விற்பனையின்படி கோழிக் கொத்து 1,500, முட்டைக் கொத்து 500 ஆகியவற்றுக்கு 4,000 ரொட்டி தேவை, முடிந்தது 4,060. கிழிந்தும் காய்ந்தும் போன ரொட்டிகளுக்கே 60 போதாது என்று உங்கள் சமையற்காரர் சொல்லக்கூடும். எப்படியும் 448-க்கும் 60-க்கும் இடையில் பெரிய தூரம் இருக்கிறது. ஆகவே பில்லைத் தவிர்த்து விற்றார்கள் என்ற கதை கொத்தில் நிற்காது. ஒரு பண்டத்தில் சேரும் பொருட்கள் எல்லாம் ஒரே விகிதத்தில் குறைந்தால் விற்பனைப் பதிவில் ஓட்டை. ஒன்று மட்டும் குறைந்து மற்றவை சரியாக இருந்தால் அந்தப் பொருளின் அளவிலோ, அந்தப் பொருளைத் தனியாக எடுப்பதிலோதான் காரணம் இருக்கிறது.

இந்தச் சோதனைக்கு எல்லையும் உண்டு. ப்ரைட் ரைஸில் அரிசியை வைத்து இதே போலப் பார்க்கலாம், ஆனால் அரிசி வேறு பல பண்டங்களிலும் போவதால் கூர்மை குறையும். டெவல் சிக்கனோடு கட்டாயமாகச் செல்லும் எண்ணக்கூடிய பொருள் வெங்காயமும் கறிமிளகாயும் அல்ல, பார்சல் பெட்டிதான். அதுவும் கடையில் உட்கார்ந்து சாப்பிடுவோருக்குப் பயன்படாது. உங்கள் டெலிவரி செயலியின் டேப்லெட்டில் வந்த ஆர்டர்களின் எண்ணிக்கையும் பில் இயந்திரத்தில் ஏற்றியவற்றின் எண்ணிக்கையும் பொருந்துகின்றனவா என்று ஒரு வாரத்துக்காவது பாருங்கள். அவசரத்தில் ஏற்றாமல் விடப்படும் ஆர்டர், பணம் ஒழுங்காக வங்கிக்கு வந்தாலும் கோழிக் கணக்கில் திருட்டுப் போலவே தெரியும்.

எஞ்சிய சந்தேகம் கொத்து மேசையின் மேல் விழுகிறது. அங்கே கிடப்பது சமைத்த கோழி என்பதால் 130 கிராமைத் தேடக் கூடாது. உங்கள் சமையலறையில் 4 கிலோ பச்சை இறைச்சி சமைத்தபின் 3 கிலோ நின்றது. ஆகவே ஒரு பிளேட்டுக்கு ஏறத்தாழ 98 கிராம் சமைத்த கோழி போக வேண்டும். மாலையில் மேசைக்குக் கொடுத்த எடையிலிருந்து இரவில் மீந்த எடையைக் கழித்து, அன்று விற்ற கோழிக் கொத்தின் எண்ணிக்கையால் வகுத்தீர்கள். செவ்வாய்க்கிழமை 35 பிளேட்டுக்கு 3.5 கிலோ, பிளேட்டுக்கு 100 கிராம். சனிக்கிழமை 92 பிளேட்டுக்கு 10.4 கிலோ, பிளேட்டுக்கு 113 கிராம். இரண்டு வாரங்களின் சராசரி 109 கிராம்.

யாரேனும் இறைச்சியை வீட்டுக்கு எடுத்துச் சென்றிருந்தால், கூட்டமில்லாத செவ்வாயில்தான் பிளேட்டுக்கான சராசரி அதிகமாக உயர்ந்திருக்கும். ஏனெனில் அதே அரைக் கிலோ குறைந்த பிளேட்டுகளின் மேல் பரவும். இங்கே நேர்மாறாக, கூட்டம் கூடக் கூட ஒரு பிளேட்டின் அளவு கூடுகிறது. வரிசை நீளும்போது கரண்டியை விட்டுவிட்டுக் கையால் அள்ளுகிறார்கள். 109 கிராம் சமைத்தது என்பது பச்சையில் 145 கிராம். பிளேட்டுக்கு 15 கிராம் கூடுதல், 1,500 பிளேட்டுக்கு 22.5 கிலோ, பில் எடையில் 25 கிலோ. டெவல் சிக்கனை நீங்கள் பத்து பிளேட் நிறுத்தபோது அனைத்தும் 200 கிராமை ஒட்டியே நின்றன, ஆகவே அதைத் தொட வேண்டியதில்லை.

கொத்து போடுபவரைக் கண்டிப்பதைவிட, வெள்ளி, சனி மாலைகளில் சமைத்த கோழியை 98 கிராம் வீதம் சிறு கிண்ணங்களில் முன்கூட்டியே பிரித்து மேசைக்கு அனுப்புங்கள். அந்த வேகத்தில் தராசைப் பார்க்க எவராலும் முடியாது. நானே நின்றாலும் அள்ளித்தான் போடுவேன். கிண்ணம் எண்ணி அனுப்பப்படுவதால் இரவில் மீந்த கிண்ணங்களை எண்ணினால் போதும், நிறுக்கவும் வேண்டாம். வாடிக்கையாளர்கள் பிளேட் சிறுத்துவிட்டது என்று சொல்லத் தொடங்கினால், 110 கிராமை ஏற்றுக்கொண்டு ரெசிபியையும் விலையையும் திருத்துவதே நேர்மையான வழி. எழுதிய அளவு ஒன்று, போடும் அளவு ஒன்று என்று விட்டால் மாதாமாதம் இதே 25 கிலோ உங்களைப் பயமுறுத்தும். இன்னொன்று: "ஃபுல்" கொத்துக்கும் சாதாரணக் கொத்துக்கும் பில் இயந்திரத்தில் ஒரே ரெசிபி இணைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அப்படியிருந்தால் மேலே சொன்ன சராசரியின் ஒரு பகுதி அந்தப் பொத்தானுக்குச் சேரும்.

இவ்வளவும் போக 7.4 கிலோ நிற்கிறது, 550-இல் ஒன்றரை சதவீதத்துக்கும் குறைவு. கருகியதும் திருப்பி அனுப்பப்பட்டதும் எழுதப்படாத நிலையில், இரண்டு இருப்பு எண்ணிக்கைகளிலும் உறைந்த பெட்டிகளைக் கண்மதிப்பில் போட்டிருக்கும்போது, இந்த 7 கிலோவுக்குள் யாரையும் கண்டுபிடிக்க உங்கள் தராசால் முடியாது. அடுத்த மாதம் இதே எண் 20 கிலோவைத் தாண்டினால், ரொட்டியையும் கிண்ணங்களையும் முதலில் பார்த்துவிட்டு, அதன்பின் ஃப்ரீசர் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள்.