கரண்ட் ரேஷியோ 2:1 இருந்தும் காசு இல்லையா?

கேள்வி: லிக்விடிட்டி, சால்வென்சி ரெண்டுமே கடனைக் கட்டும் திறன்தானே? அப்புறம் எதற்குத் தனித்தனி விகிதம்?

கடனைக் கட்ட வேண்டிய கெடுதான் வித்தியாசம். ஓராண்டுக்குள் கட்ட வேண்டியதற்கு நீர்மைத்தன்மை, அதாவது லிக்விடிட்டி. நீண்டகாலக் கடனுக்குக் கடன் தீர்க்கும் திறன், அதாவது சால்வென்சி.

ஒரு ஜவுளிக்கடையில் ஓராண்டுக்குள் காசாகக்கூடிய நடப்புச் சொத்து 6 லட்சம், ஓராண்டுக்குள் கட்ட வேண்டிய நடப்புப் பொறுப்பு 3 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். நடப்பு விகிதம், அதாவது கரண்ட் ரேஷியோ, 2:1. பாடப்புத்தகம் கேட்கும் அளவேதான். ஆனால் அந்த 6 லட்சத்தில் 4.5 லட்சம் தீபாவளிக்கு விற்காமல் தேங்கிய சரக்கு. அதைக் கழித்தால் விரைவு விகிதம், அதாவது குவிக் ரேஷியோ, 0.5:1 தான் வரும். 1:1 இருந்தால்தான் நிம்மதி.

இதே கடையில் உரிமையாளர் நிதி 8 லட்சம், நீண்டகாலக் கடன் 4 லட்சம். கடன்-பங்கு விகிதம், அதாவது டெட் ஈக்விட்டி ரேஷியோ, 0.5:1. சால்வென்சிக்குக் குறையில்லை, சரக்கு நகராவிட்டால் அடுத்த மாதப் பில்லுக்குத்தான் திண்டாட்டம்.